அப்பாவுக்கு 47 வயதில் பெருங்குடல் புற்றுநோய்: பிள்ளைகள் எப்போது பரிசோதனை செய்ய வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்குப் போன வருஷம், 47 வயதில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனது. அத்தைக்கு 45 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தாத்தா வயிற்றுக் கட்டியில் இறந்ததாகச் சொல்வார்கள். எனக்கு 24, தங்கைக்கு 20. நாங்கள் இப்போதே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமா? மரபணு டெஸ்ட் யார் எடுக்க வேண்டும்?

பதில்:

செய்ய வேண்டி வரலாம், அதுவும் சீக்கிரமே. ஆனால் முதல் பரிசோதனை உங்கள் உடம்பில் இல்லை, அப்பாவிடமிருந்து எடுத்த கட்டியில். மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்களை மாதிரிக் குடும்பங்களில் பிள்ளைகள் முந்திக்கொண்டு ஆன்லைனில் ஒரு டெஸ்டுக்குப் பணம் கட்டி, ‘ஒன்றும் இல்லை’ என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வருவார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதைச் சொல்வதுதான் எங்களுக்குக் கஷ்டமான வேலை. அதனால் எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களில் என் கண் போய் நின்றது அத்தை மேல்தான். ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்’ என்று நம் வீடுகளில் சொன்னால் அது நார்க்கட்டிக்காக இருக்கலாம், அதிக ரத்தப்போக்குக்காக இருக்கலாம், கர்ப்பப்பையின் உட்சுவரில் வந்த புற்றுக்காகவும் இருக்கலாம். அத்தையிடமோ மாமாவிடமோ அந்த பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். உட்சுவர்ப் புற்று என்று இருந்தால் படம் மாறிவிடுகிறது. தாத்தா விஷயத்திலும் அப்படித்தான். ‘வயிற்றுக் கட்டி’ என்பது இரைப்பையா, குடலா, கல்லீரலா? என்ன வயதில்? மலத்தில் ரத்தம் போனதா, ஆபரேஷன் நடந்ததா என்று பாட்டியிடம் கேட்டால் பாதி தெரிந்துவிடும்.

குடல் புற்றும் கர்ப்பப்பைப் புற்றும் ஒரே குடும்பத்தில் இளவயதிலேயே தொடர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது லிஞ்ச் சிண்ட்ரோம். 1895-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம் அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த ஒரு பெண், தன் வீட்டில் பலரும் குடல், கர்ப்பப்பைப் புற்றுகளில் இறந்ததைச் சொல்லி, தானும் அப்படித்தான் போவேன் என்றார். கடைசியில் கர்ப்பப்பைப் புற்றில்தான் இறந்தார். வார்த்தின் 1913-ல் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். பின்னால் ஹென்றி லிஞ்ச் இதைப் பரம்பரை நோயாக நிலைநாட்டியதால் அவர் பெயரே நின்றுவிட்டது.

லிஞ்சைத் தேடுவதற்கு முன்பு அப்பாவின் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை எடுத்து, பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை மொட்டு, எத்தனை என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்ததாக எழுதியிருந்தால் அது வேறு நோய். ஏபிசி என்ற மரபணுவின் கோளாறால் குடல் முழுக்கப் பாலிப் முளைக்கும். அதில் பிள்ளைகளுக்கு 10, 12 வயதிலேயே குடலைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்படி இருந்தால் நீங்கள் இருவரும் ஏற்கெனவே தாமதம், இந்த மாதமே போய்விடுங்கள். ஒன்றிரண்டுதான், அல்லது கட்டி மட்டும்தான் என்று இருந்தால் மேலே படியுங்கள்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, சின்னச் சதுரமாக, நோய்க்குறியியல் லேபில் வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் தெரியும். அதில் ஐ.எச்.சி. என்று ஒரு சாயப் பரிசோதனை செய்ய வேண்டும். செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளைச் சரிசெய்யும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று அது பார்க்கும்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இவற்றில் ஒன்றின் மரபணு பிறவியிலேயே கெட்டிருப்பதுதான் லிஞ்ச். பல இடங்களில் இதை ஆபரேஷன் முடிந்ததுமே செய்துவிடுகிறார்கள், ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடும். நான்கும் இருந்தால் லிஞ்ச் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. எம்எஸ்எச்2-வும் எம்எஸ்எச்6-ம் காணவில்லை என்றால் சந்தேகம் மிக வலுவானது. எம்எல்எச்1-ம் பிஎம்எஸ்2-வும் காணவில்லை என்றால் அவசரப்படக் கூடாது. வயது ஏறும்போது கட்டிக்குள் மட்டும் எம்எல்எச்1 அணைந்துபோவதும் உண்டு, அது பிள்ளைகளுக்கு வராது. இரண்டையும் பிரிக்க அதே பிளாக்கிலேயே இன்னொரு டெஸ்ட் இருக்கிறது. (இந்த ரிப்போர்ட் அப்பாவுக்கும் உதவும். நோய் திரும்பவோ பரவவோ செய்தால், இந்தப் புரதங்கள் இல்லாத கட்டிகளுக்கு இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது.)

அடுத்து அப்பாவின் ரத்தம். ஏன் உங்களுடையது இல்லை? அப்பாவிடம் மரபணுக் கோளாறு இருந்தாலும் உங்கள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவருடைய கோளாறு எங்கே, எந்த எழுத்தில் என்று தெரியாமல் உங்களை மட்டும் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால், அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உங்களுக்கு வரவில்லை என்பது ஒன்று. குடும்பத்தில் இருப்பதை அந்த டெஸ்ட் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. எது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவிடம் குறிப்பாக ஒரு கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு, அதே கோளாறு உங்களிடம் இல்லை என்று வந்தால்தான் அந்த ‘இல்லை’ உண்மையான இல்லை. அப்போது மற்ற எல்லாரையும் போல நீங்கள் இருந்துகொள்ளலாம்.

சில சமயம் அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்று வரும். அதை வைத்துப் பிள்ளைகளைச் சோதிக்கக் கூடாது, யாருக்கும் எதையும் வெட்டவும் கூடாது. டெஸ்டுக்கு முன்பும் பின்பும் ஆலோசகரிடம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லிஞ்ச் இல்லை, அப்பாவுக்கு மட்டும் குடல் புற்று என்றால் பொது விதி இது: 40 வயதில், அல்லது குடும்பத்தில் மிக இளையவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தியோ அப்போது ஆரம்பிக்க வேண்டும். அப்பாவுக்கு 47, ஆகவே உங்களுக்கு 37. அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனால் அப்பாவிடம் எம்எஸ்எச்2 கோளாறு இருந்து, அது உங்களுக்கும் வந்திருந்தால், ஆரம்பிக்க வேண்டிய வயது 20-லிருந்து 25. அதாவது இப்போது. தங்கைக்கும் அந்த வயது வந்துவிட்டது. அதன் பிறகு ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. கோளாறு எம்எஸ்எச்6-லோ பிஎம்எஸ்2-விலோ இருந்தால் 30, 35 வயதில் ஆரம்பித்தால் போதும். உங்களுக்கு 24-ஆ 37-ஆ என்ற பதின்மூன்று வருஷ வித்தியாசம் அந்த ஒரு பிளாக்கில் இருக்கிறது.

இவ்வளவு அடிக்கடி ஏன்? சாதாரணமாக ஒரு பாலிப் புற்றாக மாற ஏறக்குறைய பத்து வருஷம் எடுக்கும். லிஞ்சில் பிழை திருத்தும் வழி கெட்டுப்போயிருப்பதால் இரண்டு மூன்று வருஷத்திலேயே மாறிவிடலாம். பாலிப்பும் பெரும்பாலும் குடலின் வலது பக்கம், தட்டையாக இருக்கும். அதனால்தான் குடல் சுத்தமாக இருப்பது இவர்களுக்கு ரொம்ப முக்கியம். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, முழுத்தானியம் வேண்டாம். மருந்துக் கரைசலில் பாதியை முந்தின நாள் சாயங்காலமும் மீதியை அன்று விடிகாலையும் குடிக்க வேண்டும். கடைசியில் வெளியே போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருந்தால் சரி. கலங்கலாகவே இருந்தால் உள்ளே போவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் பெருங்குடலின் தொடக்கமான சீகம் வரை கருவி போனதா, குடல் சுத்தமாக இருந்ததா என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றால் அந்த ‘நார்மல்’ போதாது.

டெஸ்ட் எல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம். அப்பா சம்மதிக்காமலும் போகலாம். பிளாக் தொலைந்துபோன கேஸ்களும் உண்டு. அப்படியானால் உங்களையே சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை, கோளாறு இருக்கிறது என்று வந்தால் அது நம்பத்தக்கதுதான். இல்லை என்று வந்தால் மட்டும், குடும்ப வரலாற்றை வைத்து மருத்துவர் சொல்லும் வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அத்தைக்கு உட்சுவர்ப் புற்று என்று உறுதியானால் நான் 37 வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். எந்த வயதாக இருந்தாலும் மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மலம் போகும் வழக்கத்தில் மாற்றம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, உடனே பார்க்க வேண்டும். உங்கள் வயதில் ரத்தம் என்றால் மூலம், உடம்புச் சூடு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்பாவின் நோயை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தங்கைக்குக் கோளாறு வந்திருந்தால் கர்ப்பப்பை பற்றியும் யோசிக்க வேண்டும். 30, 35 வயதிலிருந்து மகளிர் மருத்துவரிடம் தொடர்பு, மாதவிடாய்க்கு நடுவே ரத்தம் பட்டால் அன்றே பயாப்சி பற்றிப் பேச்சு. குழந்தைகள் பிறந்த பிறகு, 40 வாக்கில், கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுப்பது ஒரு வழி. அது அவர் முடிவு. 20 வயதுப் பெண்ணிடம் இதை முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய ஒன்று. அத்தை மகனையோ மகளையோ கட்டிக்கொள்ளும் பேச்சு உங்கள் வீட்டில் இருக்கிறதா? அத்தையிடமும் அப்பாவிடமும் ஒரே கோளாறு இருந்து, அது இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருந்து, அவர்கள் திருமணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பக்கத்திலிருந்தும் அதைப் பெற. அது லிஞ்ச் அல்ல, அதைவிடக் கடுமையானது. தோலில் காப்பி நிறத் திட்டுகளோடு, குழந்தைப் பருவத்திலேயே மூளைக்கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று வரும். அத்தை பிள்ளைகளுக்கும் எப்படியும் டெஸ்ட் தேவை. ஆகவே அப்பாவின் ரிப்போர்ட் வந்ததும் அதன் நகல் ஒன்றை அத்தை வீட்டுக்கும், சித்தப்பா பெரியப்பா இருந்தால் அவர்களுக்கும் கொடுங்கள். அந்தக் கோளாறின் பெயர் எழுதிய பக்கம் கையில் இருந்தால் மற்றவர்களுக்குப் பல மரபணுக்களையும் தேடும் முழு பேனல் டெஸ்ட் வேண்டாம். அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் பல மடங்கு குறையும்.