எக்செல்லில் திருத்திய ஃபீட் மறுநாள் ஏன் கெடுகிறது?

"சென்னிமலை பெட்ஷீட் விக்கிறோம். ரிஜெக்ட் ஆன 40 ஐட்டத்தை எக்செல்ல திருத்தி ஏத்துனா, மறுநாள் அதே 40 திரும்ப வருதுங்க. ஏன்?"

நீங்க திருத்தறது, விற்பனைத் தளத்துக்குப் போற பொருள் பட்டியலான ஃபீட் ஃபைலைங்க. ராத்திரி தானா ஓடுற க்ரான் வேலை, உங்க மூலப் பட்டியலான கேட்டலாக்கிலிருந்து புது ஃபைலை அதே பெயரில் எழுதிடுது. திருத்தம் கேட்டலாக்கில்தான் நடக்கணும்.

தளம் தர்ற ரிஜெக்ட் ரிப்போர்ட்டை முதல்ல பிழைக் காரணம் வாரியா பிரிங்க. 40 வரி இருந்தாலும் காரணம் பெரும்பாலும் ரெண்டு மூணுதான் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள `sku` குறியீட்டை வச்சு கேட்டலாக்கோட பொருத்துங்க. வரி எண்ணை நம்பாதீங்க, அது தினமும் மாறும்.

பார்கோடு செல்லாதுன்னு வந்தா எக்செல் மேலதான் சந்தேகம். உதாரணத்துக்கு 8901234567890 அங்கே 8.90123E+12 ஆகும். சிஎஸ்வியா சேமிச்சா அப்படியே பதியும். மறுபடி திறந்தா 8901230000000. இதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். கணக்குப்படி 1 வரணும், 0 இருக்கு, அதனால ரிஜெக்ட். அடையாளம், வால் பக்கம் வரிசையா சைபர். கேட்டலாக்கில் பார்கோடு நெடுவரிசையை டெக்ஸ்டா வைங்க. போன இலக்கங்களை அட்டைப்பெட்டியைப் பார்த்துத்தான் திரும்ப அடிக்கணும்.

ஃபீடை நேரா எழுதாதீங்க. பாதி எழுதும்போது தளம் எடுத்துட்டா மீதிப் பொருள் காணாமப் போயிடும். முதல்ல `feed.tmp`-ல முழுசா எழுதி, அப்புறம் பெயரை மாத்துங்க:

```
30 2 * * * cd /srv/feed && python3 export.py > feed.tmp && mv feed.tmp feed.csv
```

சர்வர் யூடிசி நேரத்தில் இருந்தா இந்த 2:30 நம்ம ஊர்ல காலை 8 மணிங்க.