மூன்று மாதத் திட்டம் பத்தாம் நாளே நிற்கிறதா?

“டேட்டா அனலிஸ்ட் ஆகணும்னு சொல்றா. அட்டவணை போடுறா, பத்து நாள்ல விட்டுடுறா. அவளுக்கு ஒழுங்கு போதாதா?” என்று கடைசி வருடம் படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அம்மா. ஒழுங்கைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த அட்டவணையைப் பார்ப்போம். “தினமும் மூன்று மணி நேரம் எஸ்.க்யூ.எல்.” என்று அதில் எழுதியிருக்கிறாள். எஸ்.க்யூ.எல். என்பது தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி. மணிக்கணக்கில் எழுதிய வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகும் என்ன வந்தது என்று அவளுக்கே தெரியாது.

திட்டம் போடுவதற்கு முன், ஒரு வாரம் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று அவள் குறித்து வைக்கட்டும். கல்லூரி வேலை போக வாரத்துக்கு ஏழு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழுதான் நம் கையிருப்பு. தினம் மூன்று மணி என்பது வாரத்துக்கு இருபத்தொன்று. அந்தத் திட்டம் நின்றுபோனதில் ஆச்சரியமில்லை.

மூன்று மாதம் என்பது 13 வாரம். பன்னிரண்டுக்கு மட்டும் திட்டம் போட்டு, ஒன்றைக் காய்ச்சலுக்கும் கல்லூரித் தேர்வுக்கும் விட்டுவிடுங்கள். காலாண்டு இலக்காக “வேலை கிடைக்க வேண்டும்” என்று எழுத வேண்டாம்; அது நிறுவனத்தின் முடிவு. “மூன்றாம் மாத முடிவில் காட்டுவதற்கு ஒரு முழு புராஜெக்ட், அனுப்பி முடித்த 20 விண்ணப்பங்கள்” என்று எழுதலாம். இரண்டும் அவள் கையில் இருப்பவை.

இதை மாதங்களாகப் பிரிக்கும்போது மூன்று சம துண்டுகளாக வெட்டக் கூடாது. முதல் மாதம் எஸ்.க்யூ.எல். அடிப்படை. இரண்டாவது மாதம், இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொதுத் தரவை எடுத்துச் சுத்தம் செய்து, மூன்று கேள்விகளுக்கு வரைபடத்தோடு விடை சொல்லும் புராஜெக்ட். மூன்றாவது மாதம் ரெஸ்யூமே, வாரம் ஐந்து விண்ணப்பம், நேர்காணல் பயிற்சி. ஒவ்வொரு மாத இலக்கும் ஒரு சோதனையாக இருக்க வேண்டும். முதல் மாதத்துக்கு நான் வைப்பது இது: மூன்று தரவு அட்டவணைகள் உள்ள, முன்பு பார்க்காத தரவுத்தளத்தில் பத்துக் கேள்விகள், ஒரு மணி நேரத்தில், விடையைப் பார்க்காமல், ஏழு சரியாக வர வேண்டும்.

இனி வார வேலை. ஆரம்பத்தில் ஒரு பயிற்சிக் கணக்குக்குச் சுமார் 15 நிமிடம் ஆகும் என்று கொண்டால், 20 கணக்குக்கு ஐந்து மணி நேரம். பாடம் பார்க்க இரண்டு மணி. ஏழு மணி நிரம்பிவிட்டது. முதல் வாரம் ஒரே தரவு அட்டவணையிலிருந்து வேண்டியதை எடுக்கும் SELECT, WHERE. இரண்டாவது வாரம் வகைவாரியாகத் தொகுக்கும் GROUP BY. மூன்றாவது வாரம் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகளை இணைக்கும் JOIN. நான்காவது வாரம் புதிய பாடம் வேண்டாம். தவறிய கணக்குகளைத் திரும்பப் போட்டுவிட்டு சோதனையை எழுதட்டும்.

பெரும்பாலும் தடுமாற்றம் வருவது இதற்குப் பிறகுதான். ஒரு வாரம் 20-க்கு 9 தான் முடிந்தது என்றால், மீதி 11-ஐ அடுத்த வாரத்தில் சேர்ப்பார்கள். 31 ஆகிவிடும். அதுவும் முடியாது, திட்டம் அங்கேயே சாகும். பாக்கியைச் சுமக்க வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து பாதிக்கும் குறைவாக வந்தால் சுமைதான் அதிகம். வாரத்துக்கு 12 ஆகக் குறைத்து, JOIN பகுதியை இரண்டாவது மாதத்துக்குத் தள்ளுங்கள், புராஜெக்டைச் சின்னதாக்குங்கள், மாதச் சோதனையிலும் அந்தப் பகுதிக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். காலாண்டின் முடிவுத் தேதியை மட்டும் நகர்த்த வேண்டாம்.

இன்னொரு நிலைமை கண்ணுக்கு எளிதில் தெரியாது. வாரா வாரம் இருபதும் முடிகிறது, ஆனால் மாதச் சோதனையில் நான்குதான் சரி. அவள் சோம்பேறி இல்லை, உழைத்திருக்கிறாள். கொடுத்த வேலைதான் தவறு. பெரும்பாலும் விடையைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பாள். அப்போது எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். “20 கணக்கு” என்பதை “விடை பார்க்காமல் 10 கணக்கு, தவறியவை மூன்று நாள் கழித்து மறுபடி” என்று மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது மாதத்திலும் இதே மாதிரி எண்களைப் படிக்கலாம். பதினைந்து விண்ணப்பம் போயும் ஒரு அழைப்பும் வரவில்லை என்றால் முதலில் ரெஸ்யூமேயையும், அவள் எந்தப் பணிகளுக்கு அனுப்புகிறாள் என்பதையும் பாருங்கள். அழைப்பு வந்து நேர்காணலில் நின்றுபோனால், மிச்சமுள்ள வாரங்களில் விண்ணப்பத்தைக் குறைத்து, மாதிரி நேர்காணலுக்கு நேரம் கொடுக்கட்டும்.

உங்கள் பங்கு வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், அவ்வளவுதான். “படிச்சியா?” என்று தினமும் கேட்டால் “ம்” என்றுதான் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை “இந்த வாரம் எத்தனை முடிஞ்சது? ஒண்ணைக் காட்டு” என்று கேளுங்கள். உங்களுக்கு எஸ்.க்யூ.எல். தெரிய வேண்டியதில்லை. அவள் திரையைத் திருப்பி, இந்தக் கேள்விக்கு இப்படி எழுதினேன் என்று விளக்கத் திணறினால், அந்தக் கணக்கை முடிந்ததாக எண்ண வேண்டாம் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.