‘எதிரே’ என்றுதானே சொன்னது?

கேள்வி: முதுகலைப் படிப்புக்காக மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் முதல் வாக்கியத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். வாசகரை அது எப்படிக் கட்டிப்போடுகிறது, பனிக்கட்டி எப்படிக் காலனியத்தின் குறியீடாகிறது என்றெல்லாம் விளக்கியிருந்தேன். ‘இதில் வாசிப்பே இல்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் இதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: திருப்பிக் கொடுத்தவர் பக்கம்தான் நானும். ‘வாசகரைக் கட்டிப்போடுகிறது’ என்ற வரியை வெட்டி வேறு எந்த நாவலின் முதல் வாக்கியத்துக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொள்கிற எதையும் கட்டுரையிலிருந்து அடித்துவிடுங்கள். நான்கு பக்கத்தில் பாதி போய்விடும், பரவாயில்லை. காலனியக் குறியீடு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வாக்கியத்தை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றமில்லை, நம் மொழி அப்படி. வினைமுற்று கடைசியில்தான் வந்து உட்காரும், எச்சமெல்லாம் முன்னால் வரும். 1967இல் வந்த ஸ்பானிய மூலத்தில் வரிசை வேறு. நம் இலக்கணத்தைக் கொஞ்சம் முறித்து அந்த வரிசையிலேயே சொன்னால் இப்படி இருக்கும்: பல ஆண்டுகளுக்குப் பிறகு — துப்பாக்கிப் படையின் எதிரே — கர்னல் அவ்ரேலியானோ புயேந்தியா — நினைவுகூர இருந்தார் — அந்தத் தொலைவான பிற்பகலை — அப்பா தன்னைக் கூட்டிக்கொண்டுபோய் — பரிச்சயப்படுத்திய — பனிக்கட்டி.

பனிக்கட்டிதான் கடைசிச் சொல். மரணதண்டனை நிறைவேற்ற நிற்கும் துப்பாக்கிகளில் தொடங்கும் வாக்கியம், ஒரு குழந்தை வேடிக்கை பார்த்த பொருளில் போய் முடிகிறது. தமிழில் பனிக்கட்டி நடுவில் நுழைந்துவிட, ‘நினைவுகூர’ கடைசிக்கு வந்துவிடுகிறது. ஸ்பானிஷ் தெரியாதா, ஒன்றும் மோசமில்லை. கிரெகோரி ரபாஸாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1970இல் வந்தது. அது மூலத்தின் வரிசையைக் காப்பாற்றுகிறது, கடைசிச் சொல் உட்பட. அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாற்றிப் பார்ப்பது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் பக்கத்து வீட்டுச் சொல்லைப் போடுங்கள். என்ன உடைகிறதோ, அதுதான் அந்தச் சொல் செய்துகொண்டிருந்த வேலை. ‘துப்பாக்கிப் படையின் எதிரே’ என்பதற்குப் பதிலாக ‘சுட்டுக் கொல்லப்பட்டபோது’ என்று போட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். நாவலை முதல்முறை படிக்கும் எல்லோருமே மனதுக்குள் அப்படித்தான் மாற்றிப் படிக்கிறார்கள்; கர்னல் சுடப்பட்டுச் சாகப்போகிறார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வாக்கியத்தில் அப்படி எங்கே இருக்கிறது? அவர் நின்ற இடத்தைத்தான் அது சொல்கிறது. சுட்டார்கள் என்று சொல்லவில்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் ஒரு சொல்லில் ஓட்டை வைத்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி ஓட்டை.

‘நினைவுகூர இருந்தார்’ என்பதற்குப் பதில் ‘நினைவுகூர்ந்தார்’ என்று வையுங்கள். சாதாரணப் பின்னோக்கு உத்தியாகிவிடும்: ஒருவர் சாவின் முன் நிற்கிறார், பழசை நினைக்கிறார், கதை பின்னால் போகிறது. ‘இருந்தார்’ வந்ததும் கணக்கு மாறுகிறது. பனிக்கட்டி பார்த்த நாள் ஒன்று, துப்பாக்கி முன் நின்ற நாள் இரண்டு, இரண்டும் நடந்து முடிந்த பிறகு எங்கிருந்தோ பேசும் கதைசொல்லியின் காலம் மூன்று. அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். ‘பல ஆண்டுகளுக்குப் பிறகு’ என்கிறாரே, எதற்குப் பிறகு? வாக்கியம் சொல்லவில்லை. இரண்டாம் வாக்கியத்தில் ‘அப்போது மக்கோந்தோ இருபது வீடுகள் கொண்ட சிற்றூர்’ என்று வரும்போதுதான், நாம் நிற்பது பனிக்கட்டி நாளின் பக்கத்தில் என்று புரிகிறது.

இன்னொரு சொல். நான் ‘பரிச்சயப்படுத்திய’ என்று எழுதிய இடத்தில் மூலத்தில் இருப்பது ‘கொனொசேர்’. ஓர் ஆளை முதன்முதலாகச் சந்தித்து அறிமுகமாவதற்கு ஸ்பானியர்கள் அன்றாடம் பயன்படுத்தும் வினை. மாமாவை, மாப்பிள்ளையைப் பார்க்கக் கூட்டிப்போவதுபோல அப்பா மகனைப் பனிக்கட்டியைப் பார்க்கக் கூட்டிப்போகிறார். ‘பனிக்கட்டியைக் காட்ட’ என்று மாற்றினால் அந்த மரியாதை போய்விடுகிறது, பனிக்கட்டி வெறும் பொருளாகிவிடுகிறது. மூன்றாவது வாக்கியம், உலகம் அவ்வளவு புதியது, பல பொருள்களுக்குப் பெயரே இல்லை, விரலால் சுட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது என்கிறது. இந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு போவதை நீங்கள் கட்டுரையில் தொடவே இல்லை.

இனி, வாக்குறுதி. வாக்கியம் நமக்குள் எழுப்பும் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நாவலில் எங்கே பதில் வருகிறது என்று குறிக்க வேண்டும். இந்த வாக்கியத்துக்கு எனக்கு இரண்டு போதும்: பனிக்கட்டி என்ன ஆயிற்று? கர்னல் என்ன ஆனார்?

முதல் கேள்விக்கு அந்த அத்தியாயத்தின் கடைசியில்தான் பதில். அதுவரை காந்தம், தொலைநோக்கி, ரசவாதம் என்று ஊரைச் சுற்றிக்காட்டிவிட்டு, ஜிப்சிகளின் கூடாரத்துக்குள் கூட்டிப்போகிறார் கதைசொல்லி. நுழைவதற்கு முப்பது ரியால். பெட்டியைத் திறந்ததும் அப்பா ஹோசே அர்க்காதியோ புயேந்தியா அதை உலகத்திலேயே பெரிய வைரம் என்கிறார். ஜிப்சி, இல்லை, பனிக்கட்டி என்று திருத்துகிறான். பெயர் இல்லாத உலகத்தில் ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டும் காட்சி அது. தொட்டுப் பார்க்க இன்னும் ஐந்து ரியால். சின்னப் பையன் அவ்ரேலியானோ கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டு, கொதிக்கிறது என்கிறான். பனிக்கட்டியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இங்கிருந்து எழுதுங்கள். காலனியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாழைத்தோட்டக் கம்பெனி நாவலுக்குள் பின்னால் வரத்தான் செய்கிறது. குழந்தையாக இருந்த மார்க்கேஸைத் தாத்தா கூட்டிப்போய் உறைந்த மீன் பெட்டிக்குள் கை வைக்கச் சொன்னதும் அப்படியொரு கம்பெனியின் குடியிருப்பில்தான், அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் வாக்கியத்தில் பனிக்கட்டி மட்டும்தான் இருக்கிறது, கம்பெனி இல்லை. பின்னால் வருவதைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு ‘குறியீடு’ என்று எழுதினால், வாக்கியம் ஒவ்வொன்றாகக் கையைத் திறந்துகாட்டும் வரிசை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியம். முதல் அத்தியாயத்திலேயே துப்பாக்கிப் படை மறுபடி எட்டிப்பார்க்கிறது, இந்த முறை அதிகாரி சுடச் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் வரைக்கும் நெருங்கிவந்து. நம் ஊகம் கெட்டிப்படுகிறது. அப்புறம் ஒரு தந்திரம். கர்னலின் அண்ணன் மகன் அர்க்காதியோவைப் பற்றியும் இதே அச்சில் ஒரு வாக்கியம் வருகிறது: ஆண்டுகள் கழித்து, துப்பாக்கிப் படையின் எதிரே, அர்க்காதியோ நினைவுகூர இருந்தான் என்று. ஒரே அச்சு, இரண்டு ஆட்கள். அர்க்காதியோவை உண்மையிலேயே சுட்டுக் கொல்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் கர்னலை நிறுத்துகிறார்கள். விடியல் வெளிச்சம் மறைந்து, அரைக்கால் சட்டை போட்ட சிறுவனாகத் தன்னையே பார்க்கிறார், அப்பா கூடாரத்துக்குள் கூட்டிப்போகிறார், பனிக்கட்டி தெரிகிறது. வாக்கியம் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. பிறகு அண்ணன் ஹோசே அர்க்காதியோ துப்பாக்கியோடு தெருவைக் கடந்து வருகிறான், கர்னல் பிழைத்துக்கொள்கிறார்.

இங்கே ‘ஆசிரியர் வாசகரை ஏமாற்றிவிட்டார்’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ‘எதிரே’ என்ற சொல்லுக்குத் திரும்பிப்போய், ஏமாந்தது எந்த இடத்தில் என்று காட்டுங்கள். நாம் படித்தபோது சேர்த்துக்கொண்டது எது, தாளில் இருந்தது எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் இதற்கே போகும்.

நாவலின் முன்பாதியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் விட்டேன். கணக்கு அங்கே முடியவில்லை. எண் போடாத இருபது அத்தியாயங்களில் பதின்மூன்றாவதன் கடைசிக்குப் போங்கள். கர்னல் கிழவராகிவிட்டார். தெருவில் சர்க்கஸ் ஊர்வலம் போகிற சத்தம் கேட்கிறது. இளமைக்குப் பிறகு முதன்முறையாக, தெரிந்தே ஏக்கத்தின் பொறியில் கால் வைக்கிறார், அப்பா பனிக்கட்டியைப் பரிச்சயப்படுத்தக் கூட்டிப்போன அந்தப் பிற்பகல் திரும்ப வருகிறது. மூலத்தில் முதல் வாக்கியத்தின் வால்பகுதிச் சொற்கள் அப்படியே திரும்பியிருப்பதைப் பாருங்கள், ‘கொனொசேர்’ உட்பட. துப்பாக்கி மட்டும் இல்லை. வாசலுக்குப் போய் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, கொல்லையில் இருக்கும் மரத்தடிக்குச் சிறுநீர் கழிக்கப் போகிறார். போய்க்கொண்டே சர்க்கஸை நினைக்க முயல்கிறார். ‘நினைவுகூர இருந்தார்’ என்று தொடங்கிய மனிதருக்கு இப்போது அந்த நினைவு அகப்படவில்லை. கோழிக்குஞ்சு மாதிரி தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, நெற்றியை மரத்தில் சாய்த்தபடி அசையாமல் நின்றுவிடுகிறார்.