கோழியைக் குறைக்கவா, வே பவுடரை நிறுத்தவா?

"வயது 33, எடை 78 கிலோ. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் வேலை. எட்டு மாதமாக ஜிம் போகிறேன். தினமும் எலும்பில்லாத கோழி அரைக் கிலோ, இரண்டு ஸ்கூப் வே பவுடர், வாரம் மூன்று நாள் ஈரல் வறுவல். காலையில் நெத்திலி சம்பாலோடு நாசி லெமாக். கம்பெனி மெடிக்கலில் யூரிக் அமிலம் 478 வந்தது. முதல் நாள் மாலை கனமாகக் கால் பயிற்சி செய்திருந்தேன். வலி எதுவும் இல்லை. வே, பருப்பு, கீரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு கௌட் இருக்கிறது. அவர் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?"
— ஒரு வாசகர்

தம்பி, அப்பாவின் மாத்திரையைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபூரினாலாக இருக்கும். சிலருக்கு அது உடம்பெல்லாம் தடித்துத் தோல் உரியும் அளவுக்கு ஆபத்தான ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஆரம்பிக்கும் மாதங்களில் கௌட் மூட்டுவலியைக் கிளப்பியும் விடும். வலியே வராதவருக்கு, எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மருத்துவர்கள் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை.

அடுத்து அந்த 478. லிட்டருக்குச் சுமார் 400 மைக்ரோமோலைத் தாண்டினால் யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிய வாய்ப்பு உண்டு. ஆனாலும் இந்த அளவில் இருக்கும் பலருக்குக் கடைசிவரை வலி வருவதில்லை. தவிர, நீங்கள் ரத்தம் கொடுத்த நேரம் சரியில்லை. கனமாக எடை தூக்கும்போது தசை தன் சக்திப் பொருளை உடைக்கிறது, அதன் கழிவு யூரிக் அமிலமாகிறது. அதே நேரத்தில் ஊறும் லாக்டிக் அமிலம், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. ஆலைச் சூட்டில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்திருந்தால் எண் இன்னும் ஏறும். இரண்டு மூன்று நாள் ஜிம்முக்கும் பீருக்கும் லீவு விட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, அரசாங்க கிளினிக்கில் மறுபடி பாருங்கள். சிறுநீரகப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது சாப்பாடு. புரோட்டீன் வேறு, பியூரின் வேறு. யூரிக் அமிலமாக மாறுவது பியூரின்தான், அது உயிரணுக்களுக்குள் இருக்கிறது. ஈரல் என்பது நெருக்கமாக அடுக்கிய உயிரணுக்கள். நெத்திலியைக் குடலோடு முழுசாகத் தின்கிறோம். அதனால்தான் இரண்டிலும் பியூரின் அதிகம். முட்டையிலும் பாலிலும் புரோட்டீன் நிறைய இருந்தாலும் பியூரின் மிகக் குறைவு. வே பவுடர் பாலிலிருந்து வருவது, ஆகவே பழி அதன்மேல் விழக்கூடாது. சர்க்கரை கலந்த 'மாஸ் கெய்னர்' டப்பா மட்டும் வேண்டாம். பருப்பிலும் கீரையிலும் பியூரின் இருக்கிறது, ஆனால் அவை கௌட்டைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நம் ஆட்கள் பருப்பை நிறுத்திவிட்டு ஈரலைத் தொடர்வதுதான் எனக்குப் புரியாத கணக்கு!

உங்கள் கணக்குக்கு வருவோம். தசை வளர, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் போதும். 78 கிலோவுக்கு 125 கிராம். நீங்களோ கோழியில் மட்டும் சுமார் 110 கிராம், வேயில் 48 கிராம் என்று அப்போதே 158-ஐத் தொட்டுவிட்டீர்கள், முட்டையும் சோறும் சேராமலே. கோழியை 200 கிராமாகக் குறையுங்கள், 45 கிராம் கிடைக்கும். இரண்டு ஸ்கூப் வே அப்படியே இருக்கட்டும். மூன்று முட்டையில் 18, நூறு கிராம் தெம்பேயில் 19. மொத்தம் 130. ஈரலை விட்டுவிடுங்கள், நெத்திலி சம்பால் எப்போதாவது ஒரு நாள் போதும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவே இல்லை: குடிப்பது. ஜிம் முடிந்து மாமாக் கடையில் சிராப் பண்டோங்கோ இனிப்புத் தே தாரிக்கோ அடிக்கிறீர்களா? சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், கல்லீரல் அதை உடைக்கும்போது யூரிக் அமிலம் கூடுகிறது. பீர் இன்னும் மோசம். கோழியை அளந்து சாப்பிட்டுவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் செய்தாலும் எண்ணில் 60 போலக் குறைந்தாலே அதிகம். உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி உடம்பே செய்வது. அப்பாவுக்கு கௌட் என்பதால் உங்கள் சிறுநீரகமும் அதை மெதுவாக வெளியேற்றும் வகையாக இருக்கலாம். எடையைக் குறைக்க நினைத்துப் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், அதுவும் எண்ணை ஏற்றிவிடும்.

என்றாவது நடு இரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி வந்தால் அது பெரும்பாலும் கௌட்தான். அன்றைக்கே கிளினிக் போங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஒரு விஷயம்: வலி இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகவே காட்டலாம். அப்படி வந்தால் ஏமாறாமல், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.