ஆறியதும் இறுகும் அரிசிக் கீர்

“திருகோணமலையில் இருக்கிறோம். கீர் இறக்கும்போது பதமாக இருக்குது, ஆறினதும் பாற்சோறு மாதிரி இறுகுது. எவ்வளவு அரிசி போடவேணும்? இறுகினதை என்ன செய்யலாம்?”

ஒரு லீற்றர் பாலுக்கு 50 கிராம் அரிசி, அதாவது கால் கப், போதும். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். நானும் முதல்முறை பயந்து அரைக் கப் போட்டு, கடைசியில் துண்டு போட்டுத்தான் பரிமாறினேன்.

பாஸ்மதி கிடைக்காவிட்டால் கீரிச்சம்பா நல்லது. அரை மணித்தியாலம் ஊறவைத்து, கொதிக்கும் பாலில் போட்டு, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலமாவது விடுங்கள். அடிக்கடி கிண்டி, ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளே தள்ளுங்கள். அரிசி விரலில் மசிந்த பிறகே சீனி. முந்திப் போட்டால் அரிசி வேகப் பிந்தும். தம்பலகாமத்து எருமைப்பால் என்றால் இன்னும் சீக்கிரம் தடிக்கும்.

ஆறும்போது மாப்பொருள் இறுகும். அதனால் அகப்பையிலிருந்து தண்ணீராக வழியும்போதே இறக்கவேணும்.

இறுகிவிட்டதா? அரைக் கப் பாலைத் தனியாகச் சூடாக்கி, கீர்ச் சட்டியையும் மெல்லிய நெருப்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் விட்டால் சப்பென்று போகும். பிறகு சீனி பார்த்து ஒரு கரண்டி சேர்க்க வேண்டியிருக்கும்.