ரத்தசோகை இருக்கும்போது மூன்று மாத சுகர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அம்மாவுக்கு வயசு 45, ஊர் பாலக்கோடு பக்கம். ரெண்டு வருஷமா மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 7.8. மூணு மாச சுகர் 6.8 வந்திருக்கு. ஆனா வெறும் வயித்துல 94, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 128. எது உண்மை? சுகர் மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்:

தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்துவராத ரிப்போர்ட்டுகள் என் கையில் நிறையவே வந்து போகின்றன. உங்கள் அம்மாவுக்கு அளந்த எண்கள் எல்லாமே சரியாக இருக்கலாம். மூன்று மாத எண்ணுக்கு நாம் சொல்லும் அர்த்தம்தான் இவர் விஷயத்தில் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 6.8-ஐ சராசரி சர்க்கரையாக மாற்றிப் பாருங்கள். அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது:

28.7 × 6.8 − 46.7 = 148 (ஏறக்குறைய)

அதாவது ராத்திரி பகல் எல்லாம் சேர்த்து அம்மாவின் சர்க்கரை சராசரியாக 148 இருந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பிட்ட பிறகு எடுத்ததே 128-தான். வெறும் வயிற்றில் 94. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் மேலே போய் வந்திருக்கலாம், சரி. ஆனாலும் சராசரியை 148-க்கு இழுத்துப் போகும் அளவுக்கு அது நாள் முழுக்க நிற்காது. கணக்கு எங்கோ இடிக்கிறது.

இடிக்கும் இடம் ரத்த சிவப்பணுவின் வயது. "ரத்தம் கம்மியா இருக்கு, அதனால சுகரும் தப்பா காட்டுது" என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. மூன்று மாத சுகர் என்பது சதவீதம். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். ஹீமோகுளோபின் 14 இருந்தாலும் 8 இருந்தாலும் சதவீதம் சதவீதம்தான். ஆனால் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ரத்தத்தில் சுற்றுகிறது. சுற்றுகிற நாள் முழுக்க சர்க்கரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகும். புதுசாக வந்த அணுவில் குறைவாக இருக்கும், பழைய அணுவில் அதிகமாக இருக்கும். ஆக, ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடினால், சர்க்கரை ஏறாமலேயே எண் ஏறும். புது அணுக்கள் கூடினால், சர்க்கரை இறங்காமலேயே எண் இறங்கும்.

அம்மாவுக்கு ரெண்டு வருடமாக மாதாமாதம் ரத்தம் போய் இரும்புச்சத்தின் கையிருப்பு தீர்ந்திருக்கும். இரும்பு இல்லாமல் எலும்பு மஜ்ஜையால் போதுமான புது அணுக்களைச் செய்ய முடியாது. பையன்களும் பெண்களும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட நம் ஊர்களைப் பாருங்கள்: அங்கே யாருக்கும் திடீரென்று வயது கூடிவிடவில்லை, ஆனால் ஊரின் சராசரி வயது ஏறிவிட்டது. அம்மாவின் ரத்தத்திலும் அதுதான் நடக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் எண் ஏன் ஏறுகிறது என்பதற்கு வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள், ஆனால் ஏறுகிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. பி12 குறைவிலும் இதே கதைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஏற்றம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் சுகருக்கு முந்தைய நிலை தொடங்கும் 5.7, சுகர் என்று சொல்லும் 6.5 என்ற எல்லைக்கோடுகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது குழப்பம். 9 வந்துவிட்டு "எனக்கு ரத்தசோகை, அதான்" என்று ஒருவர் சொன்னால், அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

இப்போது இதற்கு நேரெதிரான ஒரு ஆளைச் சொல்கிறேன், அப்போதுதான் முழுசாகப் புரியும். என் சித்தப்பா காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் இருக்கிறார். பல வருட சுகர்காரர். மூன்று மாத எண் வழக்கமாக 8.4 பக்கம் வரும். முட்டிவலிக்குக் கடையில் வாங்கி டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டே இருந்ததில் வயிற்றில் புண் வந்து, மலம் தார் மாதிரி கருப்பாகப் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து ரெண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆனதும் பரிசோதனை செய்தால் 6.2. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பத்தியம் இருந்தேன், பாத்தியா" என்று சொல்லி, ராத்திரி மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். அதே நாள் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 168 என்பதை அவர் ரிப்போர்ட்டில் பார்க்கவே இல்லை. 6.2 என்றால் சராசரி 131. வெறும் வயிற்றிலேயே 168 இருப்பவருக்கு அந்தச் சராசரி எப்படி வரும்?

அவருக்கு ரத்தம் ஒரேயடியாகப் போனது. உடம்பில் இரும்பு இருப்பு இருந்தது. மஜ்ஜை வேகமாகப் புது அணுக்களைத் தள்ளியது. அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நாள் ஆகவில்லை. அதோடு, ஏற்றிய ரத்தம் சுகர் இல்லாத யாரோ கொடுத்தது, அதுவும் கலந்துவிட்டது. ஆக அதே ரத்த இழப்பு, சித்தப்பாவுக்கு எண்ணைக் கீழே தள்ளியது, உங்கள் அம்மாவுக்கு மேலே தள்ளியிருக்கிறது. எவ்வளவு ரத்தம் போனது என்பதைவிட எத்தனை வேகத்தில் போனது, இரும்பு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் திசையை முடிவு செய்கிறது.

இரண்டில் எது என்று ரிப்போர்ட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அம்மாவின் முழு ரத்த எண்ணிக்கைத் தாளை எடுத்து எம்சிவி என்ற வரியைப் பாருங்கள். அது சிவப்பணுவின் அளவு. 80-க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சின்னதாக இருக்கின்றன, இரும்புக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய ஃபெரிட்டின் பார்ப்பார்கள். 15-க்குக் கீழே என்றால் இருப்பு காலி. புது அணுக்கள் எவ்வளவு வருகின்றன என்று பார்க்க ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை இருக்கிறது. சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அது கூடியிருக்கும். எம்சிவி சின்னதாக இருந்தும் ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் தலசீமியா மாதிரி பரம்பரை விஷயம் இருக்கிறதா என்று டாக்டர் வேறு பரிசோதனை சொல்லலாம். ஹீமோகுளோபினின் வகையே வேறாக இருப்பவர்களுக்கு, சில மெஷின்களில் மூன்று மாத எண் ஏறியோ இறங்கியோ வரும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் இந்த எண்ணை நம்ப முடியாது.

சரி, சுகர் இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? ரத்தத்தில் அன்றைக்கு இருக்கும் சர்க்கரையை நேரடியாக அளந்துதான். வெறும் வயிற்றில் ஒன்று, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து சரியாக ரெண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, ரெண்டாவது 200-ஓ அதற்கு மேலோ இருந்தால் சுகர். அம்மாவுக்கு எடுத்த 128 சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது. அன்றைக்கு ஒரு உருண்டை களியும் கீரையும் சாப்பிட்டாரா, ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாரா என்பது எண்ணை மாற்றும். அதனால் குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பதே மேல்.

அந்த 94-ம் 128-ம் எங்கே எடுத்தது என்றும் பாருங்கள். வீட்டுக் குளுக்கோமீட்டர் என்றால், ரத்தசோகை இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்படியென்றால் உண்மையான சர்க்கரை இன்னும் குறைவு, அம்மாவுக்கு நல்லதுதான். லேபில் கையிலிருந்து எடுத்தது என்றால் வேறொரு சிக்கல் உண்டு. டியூபில் அடைத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி டியூபில் ஃபுளோரைடு போட்டிருப்பார்கள். நம் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் பல்லைக் கெடுத்த அதே ஃபுளோரைடு இங்கே நல்ல வேலை செய்கிறது. ஆனால் அது முழுசாகப் பிடிக்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மாதிரியை ஊரில் எடுத்து, மத்தியானம் பஸ்ஸில் தர்மபுரிக்கு அனுப்பி, சாயங்காலம் அணுக்களைத் தனியாகப் பிரித்திருந்தால் எண் கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் இந்தப் பரிசோதனையை, ரத்தம் எடுத்த இடத்திலேயே உடனே பிரித்துப் பார்க்கும் லேபில் செய்யுங்கள்.

மாத்திரை ஆரம்பிப்பது டாக்டர் முடிவு. ஆனால் 6.8 என்ற ஒரே ஒரு எண்ணை வைத்து அவசரப்பட வேண்டாம், குளுக்கோஸ் குடித்து ஒருமுறை பார்த்துவிடலாமா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அதைவிட அவசரம் ரத்தப்போக்கு. ரெண்டு வருடமாக நிற்கவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பல பேர் கவனிக்காமல் விடுவது ஒன்று. அம்மாவுக்கு இரும்பு மாத்திரையோ ஊசியோ ஆரம்பித்ததும், ஒரு வாரம் பத்து நாளில் புது அணுக்கள் குபுகுபுவென்று வர ஆரம்பிக்கும். அப்போது மூன்று மாத எண் தானாக இறங்கும், சில சமயம் உண்மையான நிலைக்கும் கீழே. இரும்போடு சேர்த்து மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையும் ஆரம்பித்திருந்தால், ரெண்டு மாதம் கழித்து 6.8 என்பது 5.6 ஆனதும் "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்று எழுதி, அம்மாவை நிரந்தர சுகர்காரர் ஆக்கிவிடுவார்கள். இரும்பு செய்த வேலைக்கு மெட்ஃபார்மினுக்குப் பெயர் போகும். அதனால் இரும்பு ஆரம்பித்த தேதியை ரிப்போர்ட் மேலேயே பேனாவில் எழுதி வையுங்கள். ரத்தம் ஏற்றினால் அந்தத் தேதியையும் எழுதுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு வந்து, அங்கேயே மூன்று மாதம் நின்ற பிறகு எடுக்கும் எண்ணைத்தான் அம்மாவின் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பிறகு ஒன்றும் பார்த்துக்கொண்டால் போதும்.