சைக்ஸ்-பிக்கோ கோடும் மோசுலும்

“1916-இல் போட்ட சைக்ஸ்-பிக்கோ கோடுதான் இன்றைய ஈராக், சிரியா எல்லை என்று பாடக்குறிப்பில் இருக்கிறது. அந்தப் பழைய வரைபடத்தை இன்றையதோடு வைத்துப் பார்த்தால் மோசுல் பொருந்தவே இல்லை. பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?” – ஒரு பள்ளி ஆசிரியர்

உங்கள் கண்ணை நம்புங்கள். குறிப்புதான் தவறு.

சைக்ஸ்-பிக்கோ என்பது உஸ்மானியப் பேரரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்ட ரகசிய ஒப்பந்தம். அதில் மோசுல் பிரான்சின் செல்வாக்குப் பகுதிக்குள் இருந்தது. பிறகு எப்படி ஈராக்குக்குப் போனது? 1918 அக்டோபர் 30 அன்று முட்ரோஸில் உஸ்மானியர்கள் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டபோது, பிரிட்டிஷ் படை மோசுலுக்குத் தெற்கேதான் நின்றது. ஆனால் சில நாட்களிலேயே ஊருக்குள் நுழைந்துவிட்டது. ‘போர் நின்ற பிறகு பிடித்த மண் எப்படி உங்களுடையதாகும்?’ என்பது துருக்கியின் வாதம். அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

டிசம்பரில் லண்டன் வந்த பிரெஞ்சுப் பிரதமர் கிளமான்சோ, பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் மோசுலை வாய்மொழியாகவே விட்டுக்கொடுத்தார். 1920-இல் சான் ரெமோவில் அதற்கு ஈடாகப் பிரான்சுக்கு எண்ணெயில் கால் பங்கு கிடைத்தது. அது போருக்கு முன் ஜெர்மானிய வங்கி வைத்திருந்த பங்கு.

உஸ்மானியப் பேரரசைத் துண்டாடிய அதே ஆண்டின் செவ்ர் ஒப்பந்தத்தை, துருக்கிய தேசியத் தலைவர் முஸ்தபா கெமாலின் படைகள் செல்லாததாக்கின. 1923 லோசான் ஒப்பந்தம் துருக்கியின் மற்ற எல்லைகளைப் பெரும்பாலும் முடித்துவைத்தாலும், மோசுலை மட்டும் தள்ளிவைத்தது. மோசுல் மாகாணத்தில் குர்துகள் அதிகம். அரபுகள், துர்க்மன்கள், யசீதிகள், கிறிஸ்தவர்கள், யூதர்களும் வாழ்ந்தார்கள். துருக்கி மக்கள் வாக்கெடுப்பு கேட்டது; பிரிட்டன் மறுத்தது. 1925-இல் சர்வதேச சங்கம் அனுப்பிய ஆணையம் நேரில் போய் விசாரித்தது. ஈராக் மீதான பிரிட்டிஷ் பொறுப்பாட்சி 25 ஆண்டு தொடர வேண்டும், குர்துகளின் உரிமை காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு மோசுலை ஈராக்குடன் வைக்கச் சொன்னது. 1926 ஜூனில் அங்காராவில் துருக்கி அதை ஏற்றது. ஈராக் அரசுக்கு வரும் எண்ணெய் உரிமைத்தொகையில் 10 சதவீதம், 25 ஆண்டுகளுக்குத் துருக்கிக்கு என்றும் முடிவானது. கிர்குக் அருகே பெரிய எண்ணெய் ஊற்று பீறிட்டது அதற்கும் அடுத்த ஆண்டு, 1927-இல்தான்.

ஆகவே வகுப்பில் 1916-ஐப் பேரம் தொடங்கிய இடமாகச் சொல்லுங்கள். மோசுலுக்கு 1926 என்று எழுதிப் போடுங்கள். துருக்கி, சிரியா எல்லைக்கு 1921: பிரான்சும் கெமாலின் அங்காரா அரசும் செய்த ஒப்பந்தத்தால் எல்லையின் நீண்ட பகுதி பாக்தாத் ரயில் பாதையை ஒட்டிப் போகிறது. தண்டவாளம் துருக்கிக்கு, அதன் தெற்கே சிரியா. வரைபடத்தில் நுசைபினையும் கமிஷ்லியையும் தேடச் சொல்லுங்கள். எதிரெதிரே இருக்கும் அந்த இரண்டு ஊர்களில் முதலாவது துருக்கியில், இரண்டாவது சிரியாவில்.